கொட்டேஷன் விலையா, இன்வாய்ஸ் விலையா? மொத்த வியாபாரிக்கு ஒரு சிங்கப்பூர்க் கடைக்காரர் கடிதம்

அண்ணே, வணக்கம்.

நேற்று போனில் பேசியபோது கடையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், என்னால் எதையும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். "கொட்டேஷன் என்பது சும்மா ஒரு மதிப்பு, இன்வாய்ஸ்தான் கணக்கு, அதில் உள்ளதைக் கட்டிவிடு, அதிகமாக இருந்தால் அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம்" என்று சொன்னீர்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு இதைத் தீர்க்க என் கண்ணுக்குத் தெரியும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எதைச் செய்தால் உங்கள் கணக்கும் என் கணக்கும் சரியாக உட்காரும் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

முதலில் நடந்தது என்ன என்பதை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் அக்கவுண்ட்ஸில் இருக்கும் தங்கச்சியிடம் இன்வாய்ஸ் மட்டும்தான் இருக்கிறது, மற்ற காகிதங்கள் சேல்ஸ் பக்கம் இருக்கின்றன என்று அவரே சொன்னார். செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கள் அனுப்பிய கொட்டேஷனில் மூன்று சரக்கு இருந்தது. 25 கிலோ துவரம் பருப்பு 30 மூட்டை, மூட்டை 58 வெள்ளி. ஒரு லிட்டர் நெய் போத்தல் 12 கொண்ட பெட்டி 20, பெட்டி 132 வெள்ளி. கடலை மாவு 15 பெட்டி, பெட்டி 42 வெள்ளி. மொத்தம் 5,010 வெள்ளி, ஜிஎஸ்டி தனி, விலை 14 நாளுக்குச் செல்லும் என்று கீழே எழுதியிருந்தது. 9ஆம் தேதி நான் வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் எண்ணைப் போட்டு, "இந்த விலைக்கு மூன்றும் வேண்டும், 19ஆம் தேதி இறக்குங்கள்" என்று அனுப்பினேன். அன்று மாலையே "ஓகே, கன்ஃபர்ம்" என்று உங்கள் பதில் வந்தது. 16ஆம் தேதி போனில் நல்லெண்ணெயும் 10 பெட்டி சேர்த்து அனுப்பச் சொன்னேன், அப்போது விலை பற்றிப் பேச்சே வரவில்லை. 19ஆம் தேதி சரக்கு வந்தது. நெய் 18 பெட்டிதான் இருந்தது, அதனால் கடைத் தம்பி சரக்கோடு வந்த டெலிவரி ஆர்டர் காகிதத்தில் 20ஐ அடித்து 18 என்று எழுதி, உங்கள் லாரி ஓட்டுநரிடமும் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, தானும் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் வந்த இன்வாய்ஸில் பருப்பு மூட்டை 64 வெள்ளி என்று இருக்கிறது. நெய் 20 பெட்டி என்று இருக்கிறது. மாவு சரியாக இருக்கிறது. நல்லெண்ணெய் பெட்டி 78 வெள்ளி. எல்லாம் சேர்த்து 5,970 வெள்ளி, 9 விழுக்காடு ஜிஎஸ்டி 537.30, ஆக மொத்தம் 6,507.30.

இப்போது உங்கள் பேச்சுக்கு வருகிறேன். கொட்டேஷன் என்பது சரக்கு கைமாறும் முன்னால் நீங்கள் எனக்குச் சொல்லும் சொல். இந்தச் சரக்கை, இந்த அளவில், இந்த விலைக்கு, இத்தனை நாளுக்குள் கேட்டால் தருகிறேன் என்று சொல்கிறீர்கள். நான் பேசாமல் இருந்துவிட்டால் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது, நான் உங்களுக்கு ஒரு காசு தர வேண்டியதில்லை, நீங்களும் சரக்கு தர வேண்டியதில்லை. ஆனால் அந்த 14 நாளுக்குள் நான் சரி என்று சொல்லி, நீங்களும் கன்ஃபர்ம் என்று சொன்ன நிமிடத்திலேயே அது பேசி முடித்த விலை ஆகிவிட்டது. இன்வாய்ஸ் அதற்கெல்லாம் பிறகு வருவது. நடந்து முடிந்த வியாபாரத்துக்கு எவ்வளவு தர வேண்டும், எந்தத் தேதிக்குள் தர வேண்டும், அதில் அரசாங்கத்துக்குப் போகும் வரி எவ்வளவு என்று கேட்கும் காகிதம் அது. கேட்பதற்கான காகிதத்தில் புது விலையை உட்கார வைக்க முடியாது, அண்ணே. அப்படி வைக்கலாம் என்றால் எந்தக் கடைக்காரரும் எந்தக் கொட்டேஷனையும் நம்பி ஆர்டர் போட முடியாது.

உங்கள் கொட்டேஷனின் அடியில் சின்ன எழுத்தில் 'விலை முன்னறிவிப்பின்றி மாறலாம்' என்று ஒரு வரி இருப்பதைச் சொன்னீர்கள். இருக்கிறது, நானும் படித்தேன். அதே காகிதத்தில் 14 நாளுக்குச் செல்லும் என்றும் இருக்கிறதே, இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்கு ஒரே பொருள்தான் கிடைக்கிறது. நான் ஆர்டர் போடும் வரை நீங்கள் விலையை மாற்றலாம், 8ஆம் தேதி நீங்கள் கூப்பிட்டு "பருப்பு ஏறிவிட்டது, 64" என்று சொல்லியிருந்தால் நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்க முடியாது. 9ஆம் தேதி கன்ஃபர்ம் செய்த பிறகு அந்த வரிக்கு வேலை முடிந்துவிட்டது. அதுபோல இன்வாய்ஸ் அடியில் ஈ அண்ட் ஓ ஈ என்று போட்டிருப்பதையும் உங்கள் ஆபீஸில் காட்டினார்கள். எழுதும்போது தவறு வந்தால், விட்டுப்போனால், திருத்திக்கொள்ளும் உரிமையை வைத்துக்கொள்வதற்காகப் போடும் எழுத்துகள் அவை. பிழையைத் திருத்தத்தான் அது உதவும், பேசிய விலையை ஏற்ற உதவாது. சொல்லப்போனால் நெய் 20 பெட்டி என்று இருப்பதைத் திருத்த அதே வரியைத்தான் நீங்கள் பயன்படுத்த வேண்டும்.

ஆனால் கொட்டேஷன்தான் எப்போதும் பெரியது என்று நான் சொல்ல வரவில்லை, இதை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்வாய்ஸ் சொல்வதே சரி என்று ஆகும் இடங்களும் உண்டு, இதே பில்லிலேயே ஒன்று இருக்கிறது. நல்லெண்ணெய் கொட்டேஷனில் இல்லை, போனில் கேட்டபோது விலை பேசவும் இல்லை. விலை பேசாமல் வாங்கினால் நியாயமான விலையைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் சரக்கு விற்பனைச் சட்டத்தில் உள்ள விதி. 12 லிட்டர் பெட்டி 78 என்றால் லிட்டர் ஆறரை வெள்ளி, தேக்காவில் மற்ற மொத்தக் கடைகளில் கேட்டாலும் அதை ஒட்டித்தான் சொல்கிறார்கள். அந்த 780 வெள்ளியை நான் அப்படியே ஏற்கிறேன். வரியும் அப்படித்தான். 2023 கடைசியில் 8 விழுக்காடு என்று போட்டுக் கொடுத்த கொட்டேஷனுக்கு, 2024 ஜனவரி 1க்குப் பிறகு சரக்கும் இன்வாய்ஸும் பணமும் வந்தபோது எல்லோரும் 9 விழுக்காடு போட்டார்கள், நானும் கேள்வி கேட்காமல் கட்டினேன். வரி விகிதம் நாம் இரண்டு பேர் பேசி முடிக்கும் விஷயமே இல்லை. அதே மாதிரி, நான் 16ஆம் தேதிதான் பருப்பை கன்ஃபர்ம் செய்திருந்தால் 14 நாள் தாண்டிவிட்டது, 64 என்று நீங்கள் போட்டது சரி என்று இன்று நானே சொல்லியிருப்பேன்.

நெய்யில் கொட்டேஷனும் வேண்டாம், இன்வாய்ஸும் வேண்டாம், டெலிவரி ஆர்டர் ஒன்றே போதும். விலை எவ்வளவு என்பதைக் கொட்டேஷனில் பார்க்கலாம், ஆனால் எத்தனை பெட்டி இறங்கியது என்பதை லாரி பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்ட காகிதம்தான் சொல்லும். குறை மிகச் சின்னதாக இல்லாவிட்டால், குறைவாக வந்த சரக்கை முழுதாகத் திருப்பி அனுப்பவும் எனக்கு உரிமை உண்டு, வைத்துக்கொண்டால் வந்த அளவுக்குப் பேசிய விலையில் பணம் தர வேண்டும். நான் 18 பெட்டியையும் வைத்துக்கொண்டேன், 18 பெட்டிக்குப் பணம் தருகிறேன். உங்கள் தங்கச்சி சொன்னபடி பார்த்தால், கிடங்கில் லாரியில் ஏற்றும் முன் அடித்த டெலிவரி ஆர்டர் நகலை வைத்து இன்வாய்ஸ் போட்டிருக்கிறார்கள், கடையில் திருத்திய நகல் ஓட்டுநரின் ஃபைலிலேயே தங்கிவிட்டது. என்னிடம் இருக்கும் நகலைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், பார்க்கச் சொல்லுங்கள்.

பருப்புக்கு ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், மூட்டைக்கு 6 வெள்ளி என்பது கிலோவுக்கு 24 காசு. தீபாவளி விலைத் துண்டறிக்கையை 58 வெள்ளியை வைத்துக் கணக்குப் போட்டு அச்சடித்துக் கொடுத்தாகிவிட்டது, அலமாரியில் ஒட்டிய விலையும் அதுதான். இங்கே பொதுமக்களுக்குக் காட்டும் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்தே இருக்க வேண்டும், அதனால் கல்லாவில் வந்து நிற்கும் அம்மாவிடம் "மேலே கொஞ்சம் ஆகும்மா" என்று சொல்லவும் வழியில்லை. ஒரு கிலோ பொட்டலத்தில் எனக்குக் கிடைப்பதே காசுக்கணக்கில்தான். கன்ஃபர்ம் செய்யும் முன்னால் 64 என்று தெரிந்திருந்தால் பாதியை உங்களிடம் எடுத்துவிட்டு பாதிக்கு வேறு இடத்தில் விசாரித்திருப்பேன், அல்லது துண்டறிக்கையில் பருப்பைச் சேர்க்காமல் விட்டிருப்பேன். அந்த வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. புதுக் கன்டெய்னர் கூடுதல் விலைக்கு வந்தது என்கிறீர்கள், நம்புகிறேன், மியன்மாரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வரும் பருப்பு இந்தியாவில் கேட்பு ஏறினால் ஏறத்தான் செய்யும். ஆனால் அதற்காகத்தானே கொட்டேஷனுக்கு நாள் கெடு வைப்பது? கெடுவுக்குள் விலை இறங்கியிருந்தால் நான் 58ஐக் குறைக்கச் சொல்லி உங்களிடம் வந்திருக்க முடியாது.

ஆக என் கணக்கு இது. பருப்பு 1,740, நெய் 18 பெட்டிக்கு 2,376, மாவு 630, எண்ணெய் 780, கூட்டினால் 5,526 வெள்ளி. ஜிஎஸ்டி 497.34. மொத்தம் 6,023.34. உங்கள் இன்வாய்ஸுக்கும் இதற்கும் வித்தியாசம் 483.96. அதில் பருப்பு விலை வித்தியாசம் வரியோடு 196.20, வராத நெய் வரியோடு 287.76.

இனி இந்த 483.96ஐ என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

நீங்கள் சொன்ன வழி, இப்போது முழுதாகக் கட்டிவிட்டு அடுத்த பில்லில் கழித்துக்கொள்வது. உங்கள் ஆபீஸுக்கு இது சுலபம் என்று தெரிகிறது, சிஸ்டத்தில் எதையும் தொட வேண்டாம், இன்வாய்ஸும் கட்டிய பணமும் ஒத்துப்போகும். எனக்கு இதில் பெரிய சிக்கல், கடைக்கு வராத இரண்டு பெட்டி நெய்க்கும் வரி கட்டியதாக அந்த இன்வாய்ஸ் சொல்கிறது. நானும் ஜிஎஸ்டி பதிவு செய்த கடை, நீங்கள் போட்ட வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கோருகிறேன். எனக்கு வந்த சரக்குக்குத்தான் அதைக் கோரலாம், வராத நெய்க்கு 23.76 வெள்ளியைக் கோரினால் உள்நாட்டு வருவாய் ஆணையத்திலிருந்து யாராவது வந்து இன்வாய்ஸையும் டெலிவரி ஆர்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நாளில் நான்தான் பதில் சொல்ல வேண்டும். காகிதங்களை 5 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பதால் அந்த நாள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். உங்கள் பக்கமும் லேசான விஷயம் இல்லை, வாங்க உரிமை இல்லாத 444 வெள்ளிக்கு 39.96 வரியைக் கணக்கில் காட்டிக் கட்டுகிறீர்கள். அடுத்த பில்லில் கழிக்கும்போது எதற்காகக் கழிக்கிறோம் என்று எங்கும் எழுதியிருக்காது, அப்போது வாங்கும் சரக்கின் விலை காரணமில்லாமல் குறைந்தது போலத்தான் தெரியும். போன தடவை பேசியதை இந்தத் தடவை ஆபீஸில் யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது வேறு. தீபாவளி முடிந்து பெரிய ஆர்டரே இல்லாமல் இரண்டு மாதம் போனால் என் பணம் உங்களிடம் நிற்கும். இந்த வழி எனக்கு வேண்டாம்.

இரண்டாவது, நானே 6,023.34ஐ மட்டும் பேநௌ வழியாக அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பது. பல கடைக்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள், பணம் கையை விட்டுப் போகாது என்ற வகையில் எனக்கு இது வசதிதான். ஆனால் உங்கள் சிஸ்டத்தில் 483.96 பாக்கியாகவே நிற்கும். மாதக் கடைசியில் வரும் ஸ்டேட்மென்ட்டில் 30 நாள், 60 நாள், 90 நாள் என்று கட்டம் கட்டமாக நகரும், நம் பேச்சு எதுவும் தெரியாத ஒரு பையன் என்னைக் கூப்பிட்டுப் பாக்கி கேட்பான், சில இடங்களில் பாக்கி இருக்கிறது என்று சிஸ்டமே அடுத்த ஆர்டரை நிறுத்திவிடும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் லாரி கிளம்பாமல் நின்றால் இரண்டு பேருக்கும் நஷ்டம். இன்வாய்ஸிலும் தவறான தொகையும் வரியும் அப்படியே இருக்கும், அதை யாரும் திருத்தவில்லை.

மூன்றாவது, இந்த இன்வாய்ஸை ரத்து செய்து புதிது போடுவது. பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஒரே காகிதத்தில் சரியான தொகை. ரத்தான இன்வாய்ஸை நீங்கள் அழித்துவிடாமல் ரத்து என்று குறித்து ஃபைலில் வைத்திருக்க வேண்டும், புதியதில் எந்த எண்ணுக்குப் பதிலாக இது என்று எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஒரே சரக்குக்கு இரண்டு இன்வாய்ஸ் இருக்கும், என் பக்கம் கணக்கு எழுதுபவர் இரண்டையும் பதிந்துவிடும் ஆபத்தும் உண்டு. தேதியும் ஒரு பிரச்சினை. புது இன்வாய்ஸில் இந்த வாரத் தேதி போட்டால் 30 நாள் கடன் கெடு அங்கிருந்து மறுபடி தொடங்கும், எனக்கு லாபம்தான், ஆனால் நான் அதைக் கேட்கவில்லை, சரக்கு இறங்கியது 19ஆம் தேதி. பழைய தேதி போட்டால் உங்கள் கணக்குச் சரித்திரம் குழம்பும். அத்தோடு உங்கள் தங்கச்சி செப்டம்பர் காலாண்டுக் கணக்கில் இதை ஏற்கனவே பதிந்துவிட்டோம் என்கிறார். அப்படியானால் இந்த வழி இப்போது அவ்வளவு சுலபம் இல்லை.

நான்காவது கிரெடிட் நோட். எனக்கு இதுதான் சரியாகப்படுகிறது, இதற்காகத்தான் அப்படி ஒரு காகிதமே இருக்கிறது. பழைய இன்வாய்ஸ் தொடாமல் அப்படியே இருக்கும், அதன் எண்ணையும் தேதியையும் காட்டி அதிலிருந்து இவ்வளவு குறைகிறது என்று நீங்கள் ஒரு காகிதம் தருகிறீர்கள். அதில் உங்கள் பெயர், முகவரி, ஜிஎஸ்டி பதிவு எண், என் கடைப் பெயர், முகவரி, கிரெடிட் நோட் எண், தேதி, எதற்காகக் குறைக்கிறீர்கள் என்ற காரணம், வரி இல்லாத தொகை, வரி விகிதம், வரித் தொகை, மொத்தம் எல்லாம் இருக்க வேண்டும். நம் விஷயத்தில் இரண்டு பதிவு போதும். ஒன்றில் துவரம் பருப்பு 30 மூட்டை, கொட்டேஷன் விலைக்குத் திருத்தம், மூட்டைக்கு 6 வெள்ளி வீதம் 180. இன்னொன்றில் நெய் 2 பெட்டி இறக்கப்படவில்லை, 132 வீதம் 264. மொத்தம் 444, வரி 39.96, ஆக 483.96. இதைப் போட்டதும், விற்பனைக்காக நீங்கள் அரசாங்கத்துக்குக் கட்டும் வெளியீட்டு வரியில் 39.96 குறைத்துக்கொள்ளலாம், நானும் என் உள்ளீட்டு வரியில் அதே அளவைக் குறைப்பேன். காலாண்டு முடிந்துவிட்டாலும் பரவாயில்லை, கிரெடிட் நோட் தேதி எந்தக் காலாண்டில் விழுகிறதோ அதில் குறைத்துக்கொள்வதுதான் முறை. இன்வாய்ஸில் இருந்து கிரெடிட் நோட்டைக் கழித்தால் 6,023.34, நான் அனுப்பும் பணமும் அதே, ஸ்டேட்மென்ட்டில் பாக்கி பூஜ்யம். ஒரே குறை, உங்கள் அக்கவுண்ட்ஸில் ஒரு காகிதம் கூடுதலாக அடிக்க வேண்டும், மேலாளர் கையெழுத்து வேண்டும் என்று சொன்னார்கள். அந்த ஒரு கையெழுத்துக்காக மற்ற மூன்று வழியின் தொல்லைகளையும் நாம் தூக்கிச் சுமக்க வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள்.

பருப்பில் பாதிப் பாதி பிரித்துக்கொள்ளலாம், மூட்டைக்கு 3 வெள்ளி நீ, 3 வெள்ளி நான் என்றும் பேச்சுவாக்கில் சொன்னீர்கள். நம் பழக்கத்துக்காகச் சொன்னீர்கள் என்று புரிகிறது, ஆனாலும் வேண்டாம். அதை ஏற்றால் கன்ஃபர்ம் செய்த விலையும் பிறகு பேசிக்கொள்ளும் விலைதான் என்று நாம் இரண்டு பேருமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும், அடுத்த தடவை நெய்யில் இதே பேச்சு வரும். ஏறிய இன்வாய்ஸ்களை மறுப்பு எதுவும் சொல்லாமல் தொடர்ந்து கட்டிக்கொண்டே வந்தால், நம்முடைய வழக்கமே அதுதான் என்று நாளை நீங்கள் சொல்லவும் இடம் இருக்கிறது. அதனால்தான் இன்வாய்ஸ் வந்த வாரத்திலேயே எழுத்தில் சொல்கிறேன். அடுத்த பருப்பு ஆர்டருக்கு 64 என்று புதுக் கொட்டேஷன் கொடுங்கள், வாங்குவதா வேண்டாமா என்று பார்த்துச் சொல்கிறேன், அதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது.

பருப்பில் நமக்குள் ஒத்துவராவிட்டாலும் நெய்யை அதோடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டாம். நெய் குறைந்ததில் யாருக்கும் சந்தேகம் இல்லை, 287.76க்கு கிரெடிட் நோட்டை இப்போதே போடுங்கள், பருப்பு 196.20ஐத் தனியாகப் பேசுவோம். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் என்று ஒன்று இருக்கிறது, 20,000 வெள்ளி வரை, இருவரும் சம்மதித்தால் 30,000 வரை, வக்கீல் இல்லாமல் அங்கே பேசலாம், சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும். இந்தத் தொகைக்கு அங்கே போக எனக்கு விருப்பம் இல்லை, உங்களுக்கும் இருக்காது. ஆனால் அங்கே போனால் முதலில் கேட்பது கொட்டேஷன், கன்ஃபர்ம் செய்த செய்தி, கையெழுத்தான டெலிவரி ஆர்டர், இன்வாய்ஸ் ஆகியவற்றைத்தான். அந்த நான்கையும் உங்கள் மேசையிலும் ஒன்றாக வைத்து வரிசையாகப் படித்துப் பாருங்கள் என்று கேட்கத்தான் இதைச் சொல்கிறேன்.

இனி வரும் ஆர்டர்களுக்கு என்ன செய்வது என்றும் யோசித்தேன். எல்லாச் சரக்குக்கும் 14 நாள் கொட்டேஷன் என்பது உங்களுக்குப் பருப்பில் வலிக்கிறது, அது நியாயமான வலி. எல்லாமே இறக்கும் நாள் விலை, இன்வாய்ஸில் வருவதே இறுதி என்று வைத்தால் எனக்கு எதற்கும் விலை ஒட்ட முடியாது, தீபாவளி, பொங்கல் நேரத்தில் துண்டறிக்கையே அடிக்க முடியாது. எனக்குத் தோன்றுவது இரண்டுக்கும் நடுவில். துவரை, உளுந்து, கடலை மாதிரி ஏறி இறங்கும் சரக்குக்கு 3 நாள் கொட்டேஷன் கொடுங்கள், அதற்குள் நான் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் மறுபடி கேட்டுக்கொள்கிறேன். நெய், மாவு, எண்ணெய்க்கு 30 நாள் வைத்தாலும் உங்களுக்குப் பெரிய அபாயம் இல்லை என்று நினைக்கிறேன். கன்ஃபர்ம் செய்த பிறகு விலை ஏறி உங்களால் தாங்கவே முடியாது என்றால் லாரியில் ஏற்றும் முன் ஒரு செய்தி அனுப்புங்கள், நான் சரி என்று பதில் போட்டால் மட்டும் ஏற்றுங்கள். போனில் கூடுதலாகக் கேட்கும் சரக்குக்கும் விலையைச் செய்தியில் போட்டு விடுங்கள், நல்லெண்ணெயில் இந்தத் தடவை ஒத்துப்போனது, எப்போதும் அப்படி அமையாது.

உங்கள் அக்கவுண்ட்ஸுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. இன்வாய்ஸில் கொட்டேஷன் எண்ணுக்கும் டெலிவரி ஆர்டர் எண்ணுக்கும் இடம் இருக்கிறது, இரண்டும் காலியாகவே வருகின்றன. அவற்றை நிரப்ப வேண்டும் என்றால் அந்த இரண்டு காகிதத்தையும் எடுத்துப் பார்த்தாக வேண்டும், அதிலேயே 64ம் 20ம் கண்ணில் பட்டிருக்கும். இங்கே நான் இனிமேல் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புவதோடு நிறுத்தாமல், கொட்டேஷன் எண், அளவு, விலை எல்லாம் எழுதிய பர்ச்சேஸ் ஆர்டர் ஒன்றை அனுப்புகிறேன், உங்கள் கிடங்குக்கும் ஒரு நகல் போகட்டும்.

கிரெடிட் நோட் செப்டம்பர் 30க்குள் வந்துவிட்டால் இரண்டு பேர் கணக்கிலும் எல்லாம் இதே காலாண்டில் முடிந்துவிடும், வந்த அன்றே 6,023.34ஐ அனுப்பிவிடுகிறேன், அக்டோபர் 20 கெடு வரை காத்திருக்க மாட்டேன். டெலிவரி ஆர்டர் படமும் 9ஆம் தேதி செய்தியும் உங்கள் தங்கச்சிக்கு இன்று காலையே போய்விட்டன. அந்த இரண்டு பெட்டி நெய் இன்னும் வேண்டும், அண்ணே, பழைய 132க்கே தருவீர்கள் என்றால் அடுத்த லாரியில் புது டெலிவரி ஆர்டரோடும் புது இன்வாய்ஸோடும் அனுப்பிவிடுங்கள்.